இரண்டாம் ஓலை

என் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நல்ல கையெழுத்துதான். கோட்டையிலிருந்த உலாந்தாக்காரர்களுக்கு, அதாவது டச்சுக்காரர்களுக்கு, பேச்சை மொழிபெயர்க்கிற துபாஷியே ஒருமுறை வாங்கிப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார். ஆனால் அந்த அழகான கையெழுத்தில் எழுதக் கூடாத ஓர் ஓலையை எழுதினேன். எழுத வேண்டியதை எழுதவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். என்னை நல்லவன் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருந்தால், இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்போது நான் பழவேற்காட்டில் ஒரு துணிக்கிடங்கில் ஓலை எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் மீன்பிடிக்கிற குடும்பம். ஆனாலும் என் நைனா என்னை எழுத்தாணி பிடிக்க வைத்துவிட்டார். அதனால் என் உள்ளங்கையில் துடுப்புக் காய்ப்பு கிடையாது. எங்கள் சனத்தில் அப்படி ஒருவன் இருந்தால் அவனை எல்லாரும் கொஞ்சம் கேலி செய்வார்கள், காரியம் என்று வந்தால் அவனைத்தான் தேடி வருவார்கள். எனக்கு இரண்டும் பிடித்திருந்தது.

என் தங்கையைப் பசியாவரத்தில் கொடுத்திருந்தோம். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு ஊர். அவள் புருஷன், என் மச்சான், அந்த வருஷம் தை முடிந்ததும் வாடைக்காற்றோடு தோணி ஏறி நாகப்பட்டினம் போய்விட்டான். அங்கே கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அலையில் படகு தள்ளுகிற வேலை. இரண்டு பொங்கல் கழித்துத்தான் திரும்புவேன் என்றான். போகிற அன்று துறையில் ஒரு காலைத் தோணியிலும் ஒரு காலைத் தண்ணியிலும் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"மச்சான், ஆனியில பாடு பிரிப்பாங்க. என் பேருக்கு நீ நில்லு. எங்க நைனாவுக்குக் காது கேக்காது, தம்பி வாயத் தொறக்க மாட்டான். நீதான் படிச்சவன்."

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு சரி என்றேன்.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி எல்லாருக்கும் பொது, ஆனால் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்னால் பானையில் ஓலை போட்டுப் பிரிப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பசியாவரத்துக்கு அப்போது இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று முகத்துவாரம், கடலும் ஏரியும் சேர்கிற வாய். அங்கே நீரோட்டம் ஆளையே இழுக்கும். இறால் கொட்டினால் கூடை கூடையாகக் கொட்டும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கழி நட்டு வலை கட்ட நாலு தேகக்கட்டான ஆள் வேண்டும், நட்ட பிறகு வருஷம் முழுக்க விட்டு விலக முடியாது. இன்னொன்று வடக்குப் பாடு, உள்ளே அமைதியான தண்ணி. கொஞ்சமாக வரும், தினமும் வரும், இரண்டு பேர் போதும். வடக்கை எடுத்தவன் நடுவில் மனம் மாறினால், வேறு யாராவது சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பிரிக்கிற நாளில் பங்குக்காரன், அல்லது அவன் பேருக்கு நிற்கிறவன், வடக்கா முகத்துவாரமா என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான், நாள் குலுக்கி எடுக்க, அவன் ஓலை பானையில் விழும். சொல்லாதவன் பங்கு அந்த வருஷத்துக்கு மற்றவர்களுக்குப் போய்விடும். இதை மச்சான் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான்.

தோணி கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, எந்தப் பாடு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாசியில் வாடை அடங்குவதற்குள் தெற்கே போன கடைசித் தோணி ஒன்றில் ஓலை கொடுத்தனுப்பினேன். வடக்குப் பாடா, முகத்துவாரமா, எதைக் கேட்க வேண்டும், எழுதவும். அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதுவரைக்கும் நான் செய்ததில் பழுதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சித்திரையில் தெற்குக்காற்று எழுந்ததும் அங்கிருந்து கிளம்பிய தோணியில் பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. மச்சானுக்கு எழுதத் தெரியாது, அங்கே யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தான். வீட்டார் நலமா, பிள்ளைக்குச் சளி விட்டதா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் இப்படி இருந்தது. "பாடு விஷயம், எதுவானாலும் சரி. உனக்கு எது தோணுதோ அதைச் செய்."

அந்த ஓலையைப் படித்ததும் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கடல் தாண்டிக் கேள்வி அனுப்பி, ஒன்றரை மாதம் காத்திருந்து, கிடைத்தது இதுவா? கேட்டவன் முட்டாள் என்பது போல அல்லவா இருக்கிறது. ஓலையை எடுத்துக்கொண்டு நேராகப் பசியாவரம் போனேன். தங்கை முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த மீனைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்போ வடக்கேன்னு சொல்லிடு அண்ணா. வீட்டுல இருக்குறது மாமனாரும் கொழுந்தனும் ரெண்டே ஆளு. முகத்துவாரத்துக்கு யாரு போறது?"

"அவன் அப்படிச் சொல்லலையே."

"எதுவானாலும் சரின்னு சொல்லிட்டாரே. இன்னும் இன்னா சொல்லணும்?"

"நாளைக்கு வந்து, முகத்துவாரம் எடுத்திருந்தா இவ்ளோ இறால் வந்திருக்குமேன்னு கேப்பான். உனக்குத் தெரியாதா அவன? அந்த மரத்த மறந்துட்டியா?"

அந்த மரக்கதையை நான் சொல்லியாக வேண்டும். என் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு என்பது தெரியட்டும். மூன்று வருஷத்துக்கு முன் மச்சான் கட்டுமரத்துக்கு நடுமரம் வாங்கச் சொன்னான். கனத்த மரமா லேசான மரமா என்று கேட்டேன். "எதுன்னாலும் வாங்கு" என்றான். லேசானதை வாங்கிக் கட்ட வைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரம் தண்ணியில் இறங்கிய பிறகுதான் பார்த்தான். ஒரு வருஷம் புலம்பினான், துள்ளுது, தூக்கிப் போடுது, இடுப்பு போச்சு என்று. தேர்ந்தெடுத்தது என் தப்பு என்று நான் அப்போது முடிவு செய்துகொண்டேன். தேர்ந்தெடுத்தது தப்பே இல்லை, கட்டுகிறதற்கு முன்னால் இதைத்தான் எடுத்திருக்கிறேன் என்று சொல்லாததுதான் தப்பு. சொல்லியிருந்தால் துறையிலேயே மாற்றிக் கொடுத்திருப்பார்கள். ஒரே அடி, தப்பான இடத்தில் பாடம் படித்துக்கொண்டேன்.

தங்கை கருவாட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவர் திட்டினா என்ன, திட்டட்டும். நான்தான் வடக்கு சொன்னேன்னு சொல்லு."

"பங்கு அவனுது. அவன் வாயால வரட்டும்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி. பொறுப்புள்ளவன் மாதிரி.

அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் பெண்பிள்ளையின் அவசரம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் போல ஓர் ஆள் என் எதிரில் வந்து நின்றால் இன்றைக்குக் காறித் துப்புவேன்.

அன்று சாயங்காலமே இரண்டாம் ஓலையை எழுதினேன். அழகாக, நிதானமாக, ஒரு எழுத்துப் பிசகாமல். "எதுவானாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொன்னால் எப்படி? வடக்கா முகத்துவாரமா, இரண்டில் ஒன்றைத் திட்டமாக எழுதவும்." அவ்வளவுதான். முதல் ஓலையில் கேட்ட அதே கேள்வி, கூடக் கொஞ்சம் சிணுங்கல். வீட்டில் இரண்டு ஆள்தான் இருக்கிறார்கள் என்று எழுதினேனா? இல்லை. முகத்துவாரம் எடுத்தால் வருஷம் முழுக்க விலக முடியாது, வடக்கை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினேனா? இல்லை. உன் தம்பியும் நைனாவும் வடக்குக்குத்தான் தாங்குவார்கள், அதைத்தான் கேட்கப் போகிறேன், வேண்டாமென்றால் ஆடிக்குள் சொல், மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதினேனா? ஒரு வரியில் முடிந்திருக்கும். எழுதவில்லை. தெரியாதவனிடம் அவனுக்குத் தெரியாததையே திருப்பிக் கேட்டேன்.

இதில் எனக்கு அருவருப்பு வருகிற இடம் எது தெரியுமா? இப்படிப்பட்ட ஓலையை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் என் கையாலேயே எழுதினேன்.

கிடங்கு எசமானுக்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு வியாபாரி சாயத்துணி கேட்டிருந்தார். மாதிரித் துண்டில் கரை இருந்த பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. கரை அகலமா குறுகலா என்று எசமான் கேட்டு எழுதினார். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பதிலில், உமக்கு எது உசிதமோ அப்படியே என்று இருந்தது. நான் எழுத்தாணியைத் தீட்டிக்கொண்டு, "மறுபடி கேட்டு எழுதட்டுமா எசமான்?" என்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னான்னு கேப்பே? அந்தாளுக்குத் தெரியல, இல்ல அக்கறை இல்ல, அதான் நம்ம கிட்ட விட்டான். அதையே திருப்பிக் கேட்டா புதுசா என்ன வந்துடும்? மறுபடி கேக்கணும்னா அவனுக்குத் தெரியாத சேதி ஒண்ணு நம்ம கையில இருக்கணும்."

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முன்பு நீர் வாங்கியவை எல்லாம் குறுங்கரை ஆனதால் இப்போதும் குறுங்கரையே எடுத்துக்கொண்டோம். துண்டு ஒன்று இத்துடன் தைத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளவும். இப்போது ஒரு சிறு பகுதியை மட்டும் சாயம் ஏற்றுகிறோம், ஏறிய சாயம் இறங்காது என்பதால் மீதியை வெள்ளையாகவே வைத்திருப்போம். அடுத்த கப்பலில் மாற்றுச் சொல் வந்தால் மீதிக்கு அகலக் கரை, வராவிட்டால் இதுவே முடிவு. எழுதி முடித்ததும் எசமான் சாயக்காரரைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். பதில் வரட்டும் என்று ஒரு நாள்கூட உட்காரவில்லை.

இதைக் கேட்டு, எழுதி, மெச்சிக்கொண்டு, அதே கையால் என் தங்கைக்காக அந்தச் சிணுங்கல் ஓலையை எழுதினேன். ஊரான் துணிக்கு இருந்த புத்தி உடன்பிறந்தவள் சோற்றுக்கு இல்லை. எசமான் துணியில் தப்பு வந்தால் பழி எசமானுக்கு, இதில் வந்தால் பழி எனக்கு, அதுதான் வித்தியாசம். மச்சானுக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மரியாதை எங்கே இருந்தது? பழிக்குப் பயந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நான் நினைத்துப் பார்க்கவில்லை. மீன்காரன் பிள்ளையாகப் பிறந்து இதை நினைக்காதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பதில் பத்து நாளில் வந்தது தெற்குக்காற்று தள்ளிக்கொண்டு வந்ததால். அதே காற்றில் எதிர்த்துத் தெற்கே போகிற தோணி எது? துறையில் கேட்டால் சிரிக்கிறார்கள். கடைசியில் உப்பு ஏற்றப் போகிற தோணியின் தலைவர், ஒரு தண்டேல், கரையை ஒட்டி ஒட்டிப் போவதாகச் சொல்லி ஓலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அவர் எப்போது போய்ச் சேர்ந்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வைகாசி போனது. ஆனிப் பௌர்ணமி வந்தது.

பசியாவரம் அம்மன் கோயில் முன்னால் மணலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, பூவரச மரத்தடியில். பானைக்கு மஞ்சள் பூசியிருந்தது. காலையில் தெற்கே ஒரு பாய் தெரிந்தது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது என் பதிலைக் கொண்டுவருகிற தோணிதான் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, பேச்சு நடக்கும்போதெல்லாம் தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிறகு வேறெங்கோ போகிற தோணியாகப் போனது.

ஒவ்வொருவனாக எழுந்து சொன்னான். வடக்கு. முகத்துவாரம். முகத்துவாரம். வடக்கு. சொன்னதும் அவன் ஓலை விழுந்தது. ஊர்த் தலைவர் என் மச்சான் பெயரைச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"மச்சானுக்கு எழுதியிருக்கேன். பதில் வரணும்."

"முன்னாலயே எழுதிப் பதில் வந்ததா கேள்விப்பட்டேனே?"

"வந்தது. எதுவானாலும் சரின்னு எழுதியிருந்தான். அதான் திட்டமா சொல்லச் சொல்லித் திரும்ப எழுதியிருக்கேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"எதுவானாலும் சரின்னா உன்கிட்ட விட்டுட்டான்னு அர்த்தம். நீ சொல்லு. பானை பதிலுக்குக் காத்திருக்காது."

பூவரச மரத்தடியில் என் தங்கை எழுந்து நின்றுவிட்டாள். அவளால் அங்கே பேச முடியாது, சபையில் பெண் வாய் திறக்கிற வழக்கம் கிடையாது. உதட்டை மட்டும் அசைத்தாள். வடக்கே. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. வடக்கே, அண்ணா, வடக்கே.

ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன கேடு? கண்ணுக்கு முன்னால் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்புவதுதான் தெரிந்தது. அடுத்து நான் சொன்னதைத்தான் இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது.

"நீங்களா பார்த்து எதுல போட்டாலும் சரி" என்றேன்.

எந்தச் சொல்லுக்காக மச்சானை இரண்டு மாதம் மனசுக்குள் திட்டினேனோ, அதையே எடுத்து ஊர் தலையில் வைத்தேன். அவனாவது தூரத்தில் இருந்தான், தெரிந்தவனிடம் விட்டான். நான் பானை பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, தள்ளிவிட்டேன்.

தலைவர் மச்சான் ஓலையைக் கையில் எடுத்தார். பிறகு, "பங்கு அவனுது, வாய் உன்னுது. நாங்க போட்டா நாளைக்கு ஊருக்குப் பழி. அது வழக்கமில்ல" என்றார். மூன்று தடவை கேட்டார். நான் மூன்று தடவையும் தண்ணியைப் பார்த்தேன். அவர் மச்சான் பெயர் எழுதிய ஓலையை மடித்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார். அந்த வருஷத்துக்கு அது அவ்வளவுதான்.

சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாரும் சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு பங்கு குறைந்தால் மற்ற பங்குகளுக்கு நாள் கூடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவன் என் தோளைத் தட்டி, "விடு நைனா, விதி" என்றான். அவன் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. அதையும் செய்யவில்லை.

பிறகு நடந்தது சாதாரணமாக நடந்தது. தங்கையின் மாமனாரும் கொழுந்தனும் பக்கத்து ஊர்த் தோணிரேவுக்காரர்கள் படகில் கூலி ஆளாக ஏறினார்கள். தன் ஏரியில் அடுத்தவன் வலையை இழுக்கிற அந்தக் கிழவர் முகத்தை நான் போய்ப் பார்க்கவில்லை, தவிர்த்தேன். தங்கை இறால் தடவப் போனாள். வலை இல்லாதவர்கள் செய்கிற வேலை அது. இடுப்பளவு சேற்றுத் தண்ணியில் குனிந்து, வாயில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு, கையால் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். சேற்றுக்குள் ஆழிச் சிப்பிகள் கத்தி மாதிரி கிடக்கும். ஒரு நாள் கிடங்குக்கு வந்து, எனக்கென்று வாழை மட்டையில் கொஞ்சம் இறால் கொடுத்தாள். விரல்கள் எல்லாம் வெட்டு வெட்டாக, வெட்டுக்குள் கறுப்புச் சேறு. அண்ணனுக்கு இறால் பிடிக்கும் என்று கொண்டுவந்திருந்தாள்.

நான் அதைச் சமைத்துத் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆவணி நடுவில் இரண்டாம் ஓலைக்குப் பதில் வந்தது. நான் கிடங்கில் இருந்தபோது தண்டேலே கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே பசியாவரம் எடுத்துக்கொண்டு போனேன். தங்கை அப்போதுதான் சேற்றிலிருந்து வந்திருந்தாள், புடவை முழங்கால் வரை ஈரம். "படி" என்றாள். படித்தேன்.

"மச்சானுக்கு. முதல் ஓலையிலேயே சொல்லிட்டேனே. நான் தூரத்துல இருக்கேன், வீட்டுல யாரு இருக்கா, யாரால என்ன முடியும்னு எனக்கு இங்கே இருந்து தெரியாது, உனக்குத்தான் தெரியும். அதனாலதான் உன்கிட்ட விட்டேன். இந்நேரம் பாடு பிரிச்சிருப்பாங்க. நீ எதை எடுத்தேன்னு மட்டும் எழுது. இங்கே நல்ல நூல் கிடைக்குது. வடக்குன்னா மெல்லிசு, முகத்துவாரம்னா தடிசு, எதுன்னு தெரிஞ்சா வலைக்கு நூல் வாங்கி அனுப்புறேன். மரத்துக்குத் திட்டின மாதிரி திட்ட மாட்டேன், பயப்படாதே."

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். பயப்படாதே என்று எழுதியிருக்கிறான், அதுவும் வேறொருவனிடம் சொல்லி எழுத வைத்து. என் யோக்கியதை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் விட்டிருக்கிறான்.

தங்கை அழவில்லை, திட்டவுமில்லை. பானைத் தண்ணியில் கையை முக்கிச் சேற்றைக் கழுவினாள். வெட்டுகளில் தண்ணி பட்டதும் முகம் சுளித்தாள். பிறகு முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பதில் எழுது. அந்த உப்புத் தோணி நாளைக்குத் திரும்பப் போவுதாம்" என்றாள்.

நான் மடியிலிருந்து எழுத்தாணியை எடுத்தேன். ஓலையைத் தொடையில் வைத்துக்கொண்டேன். வாய் தானாகத் திறந்தது, பழக்க தோஷம்.

"இன்னான்னு எழுதட்டும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு எது தோணுதோ அதை எழுது அண்ணா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் அவளை மறுபடி கூப்பிட்டுக் கேட்கவில்லை. மச்சானுக்கு இப்படி எழுதினேன்: "நூல் வாங்க வேண்டாம். எதையும் எடுக்கவில்லை. நீ சொன்னது போதுமானதாக இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. அடுத்த ஆனிக்கு உன் பேருக்கு வடக்கைத்தான் கேட்பேன், வேண்டாமென்றால் அதற்குள் சொல்." எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அசிங்கமான கையெழுத்து அதுதான். அதைத் திருத்தாமல் அப்படியே சுருட்டிக் கொடுத்தனுப்பினேன்.